விளைச்சல் கட்டம் காலியாக இருந்தால்: சம்பா கணக்கெடுப்புத் தரவில் விடுபட்ட மதிப்புகளைக் கையாள்வது

நான் பயிற்சி கொடுக்கும்போது எல்லோருக்கும் ஒரே கோப்பைத்தான் கொடுப்பேன். பாடத்துக்காக நானே எண்களைப் போட்டு உருவாக்கியது. 120 விவசாயிகள். எல்லோரும் காவிரி டெல்டாக்காரர்கள். 60 பேர் தண்ணீர் முதலில் வரும் திருவையாறு, பாபநாசம் பக்கத்துத் தலைமடைக்காரர்கள், 60 பேர் தண்ணீர் கடைசியில் வந்து சேரும் திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக்காரர்கள். முக்கியமான கேள்வி ஒன்றுதான்: சம்பாவில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது? மூட்டை என்றால் 60 கிலோ.

84 பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். 36 பேருடைய கட்டம் காலி. சராசரி என்ன என்று கேட்டால் வகுப்பில் நாலு விடை வரும். ஒருவருக்கு 49.6 மூட்டை, ஒருவருக்கு 19.9, பலருக்கு 28.4, ஓரிருவருக்கு 27. கோப்பு ஒன்றே. காலிக் கட்டத்தை என்ன செய்தார்கள் என்பதில்தான் இந்த வித்தியாசம் முழுவதும் இருக்கிறது. இந்தக் கோப்பையே கையில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

முதல் படி: காலி உண்மையிலேயே காலிதானா?

49.6 எப்படி வந்தது? களத்தில் கைக்கணினியில் பதிவு செய்யும்போது விளைச்சல் கேள்வியைக் கட்டாயக் கேள்வியாக வைத்திருந்தால், பதில் இல்லாமல் அடுத்த பக்கம் போகாது. பதிவு செய்பவர் 99 என்று தட்டிவிட்டுப் போவார். “99 என்றால் தெரியாது” என்று பயிற்சியிலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் கணக்குப் போடும் மென்பொருளுக்கு அது தெரியாது. 36 பேருக்கு 99 மூட்டை என்று எடுத்துக்கொண்டு சராசரி போட்டுவிடும்.

19.9 வந்ததற்குக் காரணம் பூஜ்யம். எக்செலில் `AVERAGE` காலிக் கட்டத்தை விட்டுவிடும், ஆனால் 0 இருந்தால் சேர்த்துக்கொள்ளும். யாரோ “சுத்தம் செய்கிறேன்” என்று காலிக் கட்டங்களில் எல்லாம் 0 போட்டிருக்கிறார்கள். டெல்டாவில் இது இரட்டைத் தப்பு. வடகிழக்குப் பருவமழையில் வயல் மூழ்கி ஒரு மூட்டைகூடக் காணாதவர் உண்மையிலேயே 0 என்று பதில் சொல்லியிருப்பார். அந்த நிஜமான பூஜ்யமும் இந்தப் போலிப் பூஜ்யமும் ஒன்றாகக் கலந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

அதனால் மூல வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தியிலும் எந்த எண் “தெரியாது” என்பதற்கான குறி என்று பாருங்கள். எல்லாப் பத்திக்கும் சேர்த்து ஒரே அடியாக 99-ஐ நீக்காதீர்கள். நம் ஊரில் ஒரு மா 33 சென்ட், மூன்று மா வைத்திருப்பவர் நிலத்தை 99 சென்ட் என்றுதான் சொல்வார். ஒட்டுமொத்தமாக நீக்கினால் அவருடைய நிலமும் காணாமல் போகும். ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் இப்படி, பத்தி பத்தியாகச் செய்யுங்கள்:

```r
d <- read.csv("samba.csv", stringsAsFactors = TRUE)
d$yield[d$yield %in% c(99, 999)] <- NA
d$yield_na <- is.na(d$yield)
```

கடைசி வரி முக்கியம். யாருடைய விளைச்சல் காலியாக இருந்தது என்பதை அது தனிப் பத்தியில் குறித்து வைக்கிறது. பிறகு என்ன நிரப்பினாலும் இந்தக் குறிப்பு அழியாது.

இன்னொன்று, சம்பாவே பயிரிடாதவரின் விளைச்சல் கட்டமும் காலியாகத்தான் இருக்கும். அது விடுபட்ட மதிப்பு கிடையாது, அவருக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. அவரைச் சம்பா கணக்கிலிருந்து தனியே எடுத்து வையுங்கள். அவருக்கு விளைச்சலை நிரப்பினால், நடாத வயலில் அறுவடை செய்த கதையாகிவிடும். நம் 120 பேரும் சம்பா பயிரிட்டவர்கள்தான்.

இரண்டாம் படி: ஏன் காலி?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தாண்டி நேராக நிரப்பப் போய்விடுகிறார்கள்.

முதலில் எங்கே காலி என்று பாருங்கள். `reach` என்பது தலைமடையா கடைமடையா என்று சொல்லும் பத்தி:

```r
tapply(d$yield_na, d$reach, mean)
```

நம் கோப்பில் தலைமடையில் 60-க்கு 6 பேர், அதாவது 10 சதவீதம் காலி. கடைமடையில் 60-க்கு 30 பேர், சரிபாதி காலி. இதைப் பார்த்ததுமே இது தற்செயலாக விட்டுப்போனது கிடையாது என்று தெரிந்துவிடுகிறது.

காரணத்தைத் தரவு சொல்லாது, களத்துக்குப் போனவர்தான் சொல்ல முடியும். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு நிஜக் கோப்பு என்னிடம் வந்தது. கடைமடை முழுக்க ஓட்டை. கணக்கெடுக்கப் போன பெண்ணுக்குப் போன் போட்டு, “ஏம்மா, மூட்டைக் கணக்கை யாருமே சொல்ல மாட்டேன்னுட்டாங்களா?” என்று கேட்டேன். “அண்ணே, நாங்க போனது ஜனவரி கடைசி. வயல்ல கதிர் நிக்குது. அறுக்காத வயலுக்கு எத்தனை மூட்டைன்னு அவங்க எப்படிச் சொல்லுவாங்க?” என்றார்.

விஷயம் அவ்வளவுதான். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம் என்றாலும், தண்ணீர் கல்லணையில் பிரிந்து, ஆறு, வாய்க்கால் எல்லாம் தாண்டிக் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். வந்த பிறகுதான் விதைப்பு. சம்பா நீண்டநாள் பயிர். பொன்மணி மாதிரி ரகங்கள் 155 நாளுக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளும். பிந்தி விதைத்தவர் பிந்தித்தான் அறுப்பார். ஜனவரி கடைசியில் கணக்கெடுத்தால் தலைமடைக்காரர் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கே கொண்டுபோயிருப்பார், கடைமடைக்காரர் அறுவடை இயந்திரத்துக்குக் காத்திருப்பார்.

1976-இல் டொனால்டு ரூபின் என்ற புள்ளியியலாளர் விடுபட்ட மதிப்புகளைப் பற்றி யோசிக்க ஒரு வழி காட்டினார். இன்றுவரை எல்லோரும் அதைத்தான் பின்பற்றுகிறோம். நம் வயலை வைத்தே அதைச் சொல்லிவிடலாம். மழையில் நனைந்து சில படிவங்கள் அழிந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய படிவம் நனையும் என்பதற்கும் விளைச்சலுக்கும் சம்பந்தமில்லை. அது முற்றிலும் தற்செயல். பிந்தி விதைத்ததால் காலி என்றால், காரணம் நம்மிடம் வேறொரு பத்தியில், அதாவது விதைத்த வாரம் என்ற பத்தியில், பதிவாகியிருக்கிறது. அதை வைத்துச் சரிசெய்யலாம். மூன்றாவதுதான் கஷ்டமானது. விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பிடித்தவர், நிறைய கண்டதாகச் சொன்னால் நிலக்காரர் தனக்கு அளக்க வேண்டிய நெல்லைக் கூட்டிவிடுவார் என்று வாய் திறக்காமல் இருக்கிறார். இங்கே காலிக்குக் காரணம் அந்த விளைச்சலே. வேறெந்தப் பத்தியும் அதை முழுதாகச் சொல்லாது.

மூன்றில் எது என்று உங்கள் கோப்பைச் சோதித்து முடிவாகச் சொல்லிவிட முடியாது. இரண்டாவதும் மூன்றாவதும் கணினியில் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் களத்துக்குப் போனவரைக் கேட்கச் சொல்கிறேன். அடுத்த முறை படிவத்திலேயே “ஏன் பதில் இல்லை” என்று ஒரு சின்னக் கேள்வி சேர்த்துவிடுங்கள். அறுவடை ஆகவில்லை, சொல்ல விருப்பமில்லை, தெரிந்தவர் வீட்டில் இல்லை என்று மூன்று விடைகள் போதும்.

காரணம் அறுவடை ஆகவில்லை என்பதுதான் என்றால், எதையும் நிரப்புவதற்கு முன் மார்ச் மாதம் அந்த முப்பது பேருக்கும் போன் செய்து கேளுங்கள். பத்துப் பேர் சொன்னாலும் லாபம். அந்தப் பத்துப் பதில்கள் எந்தக் கணித மாதிரியையும்விட மேல். இனி வருவதெல்லாம் அந்த வழி அடைபட்டால்.

மூன்றாம் படி: அழித்தால் என்ன ஆகும்?

காலியாக உள்ள 36 வரிகளையும் தூக்கிவிட்டால் 84 பேர் மிஞ்சுவார்கள். தலைமடையில் 54 பேர், சராசரி 32 மூட்டை. கடைமடையில் 30 பேர், சராசரி 22 மூட்டை. மொத்தச் சராசரி 28.4. கடைமடைக்காரர்களில் பாதிப்பேர் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டதால் தலைமடையின் குரல் ஓங்கிவிட்டது. ஆளுக்கு அறுபது பேர் என்று சரிபாதியாக எடுத்த கணக்கெடுப்பு இப்போது 54-க்கு 30 ஆகிவிட்டது. இரு பகுதிக்கும் உரிய பங்கைத் திருப்பிக் கொடுத்தால் 32-க்கும் 22-க்கும் நடுவே 27 வருகிறது. ஓரிருவர் சொன்ன 27 இதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் கேள்வி “தலைமடைக்கும் கடைமடைக்கும் வித்தியாசம் எவ்வளவு” என்பதாக இருந்தால், அழித்த கோப்பும் 10 மூட்டை என்றுதான் சொல்கிறது. கடைமடைக்குள் பதில் சொன்னவர்களும் சொல்லாதவர்களும் ஒரே மாதிரி என்றால், அந்த 10 சரியான விடைதான். அழிப்பது எப்போதும் தவறு என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை. என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

அழிப்பதில் இன்னொரு நஷ்டம் மெதுவாக வரும். ஒரு பத்தியில் 5 சதவீதம் காலி என்றால் பெரிதாகத் தெரியாது. ஆனால் பன்னிரண்டு பத்திகளில் அங்கங்கே ஐந்து ஐந்து சதவீதம் தனித்தனியாகக் காலி இருந்து, எல்லாப் பத்தியும் நிரம்பியவரை மட்டும் வைத்துக்கொண்டால், 54 சதவீதம் பேர்தான் மிஞ்சுவார்கள். 120 பேரைத் தேடிப் போய்ப் பேசிவிட்டு 65 பேரை வைத்துக் கட்டுரை எழுத வேண்டிவரும். ஆகவே அழிப்பதற்கு முன் உங்கள் கேள்விக்கு வேண்டிய பத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள்.

நான்காம் படி: சராசரியை நிரப்பினால்?

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். 36 கட்டத்திலும் 28.4 என்று நிரப்பிவிடுவார்கள். மொத்தச் சராசரி 28.4-ஆகவே இருக்கும், எதையும் சரிசெய்யவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். கடைமடையில் 22 மூட்டை கண்ட முப்பது பேரோடு, 28.4 கண்டதாக நாமே எழுதிய முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். கடைமடைச் சராசரி 25.2-க்கு ஏறிவிட்டது. தலைமடை 31.6-க்கு இறங்கிவிட்டது. 10 மூட்டை வித்தியாசம் 6.4 ஆகிவிட்டது. கடைமடையின் இழப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே கட்டளையில் மறைந்துபோனது. அழித்திருந்தால்கூட அந்த 10 தப்பித்திருக்கும். வெள்ள நிவாரணத்துக்கோ காப்பீட்டுக்கோ யாராவது இந்தக் கணக்கைக் கையில் எடுத்தால் யாருக்கு நஷ்டம் என்று யோசியுங்கள்.

சரி, அந்தந்தப் பகுதியின் சராசரியை நிரப்பலாமே? தலைமடைக்கு 32, கடைமடைக்கு 22. மொத்தச் சராசரி 27, வித்தியாசம் 10, இரண்டும் ஒழுங்காக வருகின்றன. இங்கே தப்பு வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது.

கடைமடையில் பதில் சொன்ன முப்பது பேரின் விளைச்சல் ஒருவருக்கொருவர் ஏறக்குறைய 6 மூட்டை ஏறி இறங்குகிறது, அதாவது திட்ட விலக்கம் 6. முப்பது பேரை வைத்துச் சொல்லும் சராசரி எவ்வளவு தவறலாம் என்பதைக் காட்டும் திட்டப் பிழை, 6-ஐ 30-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால், 1.1 மூட்டை. இப்போது இன்னும் முப்பது பேருக்கு 22, 22, 22 என்று எழுதுகிறோம். யாரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. திட்ட விலக்கம் 4.2-க்குச் சுருங்குகிறது. ஆள்கணக்கோ அறுபது. திட்டப் பிழை 0.54 என்று வருகிறது. புதிதாக ஒருவரைக்கூடக் கேட்காமல் நம் நிச்சயம் இரட்டிப்பாகிவிட்டது. இல்லாத வித்தியாசங்கள்கூட இந்தக் கணக்கில் “உறுதி” என்று தெரியும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். விளைச்சலுக்குப் பட்டை வரைபடம் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு எண்ணில் மட்டும் கோபுரம் மாதிரி ஒரு பட்டை நின்றால், யாரோ சராசரியை நிரப்பியிருக்கிறார்கள். வேறொருவரிடமிருந்து கோப்பு வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஐந்தாம் படி: மாதிரி அமைத்து, பலமுறை நிரப்புவது

சராசரியில் இரண்டு குறைகள் இருந்தன. பிந்தி விதைத்தவர், முந்தி விதைத்தவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தது ஒன்று. யூகத்தை நிஜம் மாதிரி நடத்தியது இன்னொன்று. பலமுறை நிரப்புதல் என்ற முறை இரண்டையும் கவனிக்கிறது.

முதலாவதற்கு, விளைச்சலோடு சம்பந்தமுள்ள மற்ற பத்திகளைக் கொடுக்கிறோம். தலைமடையா கடைமடையா, விதைத்த வாரம், சொந்த நிலமா குத்தகையா, எத்தனை ஏக்கர். பிந்தி விதைத்த வயலில் பால் பிடிக்கும் நேரத்தில் ஆற்றில் தண்ணீர் இல்லாமல் போகலாம். வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூரை மூடிவிடுவார்கள். ஆகவே விதைத்த வாரத்தைச் சேர்க்காமல் செய்யும் எந்த நிரப்பலும் நம் கோப்புக்கு அரைகுறைதான். பிறகு நீங்கள் விளைச்சலோடு ஒப்பிடப்போகும் பத்தியையும் இங்கே சேர்த்துவிட வேண்டும். காப்பீடு எடுத்தவர்களின் விளைச்சல் பற்றி எழுதப்போகிறீர்கள், ஆனால் நிரப்பும்போது காப்பீட்டுப் பத்தியைத் தரவில்லை என்றால், நிரப்பிய வரிகளில் அந்த உறவு இருக்காது.

இரண்டாவதற்கு, ஒரு தடவை நிரப்பாமல் இருபது தடவை நிரப்பி, இருபது கோப்புகளை உண்டாக்குகிறோம். ஒவ்வொன்றிலும் காலிக் கட்டத்துக்குக் கொஞ்சம் வேறுபட்ட எண் வரும். அந்த வேறுபாடுதான் நமக்கு எவ்வளவு தெரியாது என்பதன் அளவு. ஆர் மொழியில் இதற்கு `mice` என்ற தொகுப்பை முதலில் நிறுவிக்கொள்ள வேண்டும்.

```r
library(mice)
v <- d[, c("yield","reach","sow_week","tenant","acres")]
imp <- mice(v, m = 20, seed = 12, printFlag = FALSE)
fit <- with(imp, lm(yield ~ reach))
summary(pool(fit))
```

எண்ணாக உள்ள பத்திக்கு இந்தக் கட்டளை தானாகவே எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. அதைப் பக்கத்து வயலைப் பார்த்து மதிப்பிடுவது என்று புரிந்துகொள்ளலாம். பதில் சொல்லாதவரைப் போலவே இருக்கும், பதில் சொன்ன ஐந்து பேரை அது தேடுகிறது. அவர்களில் ஒருவரைக் குலுக்கல் முறையில் எடுத்து, அவருடைய நிஜ விளைச்சலை இங்கே எழுதுகிறது. அதனால் மைனஸ் 3 மூட்டை மாதிரி விபரீதங்கள் வராது.

கணக்கைக் கையால் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். புரிவதற்காக ஐந்து தடவை மட்டும் நிரப்பியதாக வைத்துக்கொள்வோம். கடைமடைச் சராசரி 20.4, 21.6, 20.9, 21.8, 20.8 என்று வருகிறது. இவற்றின் சராசரி 21.1. அதுதான் நம் விடை. 22-ஐவிடக் குறைவாக வந்ததற்குக் காரணம், காலியாக இருந்தவர்கள் பிந்தி விதைத்தவர்கள் என்பதை இந்த முறை கவனித்திருக்கிறது.

அடுத்து நிச்சயமின்மை. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் உள்ள மாறுபாடு, திட்ட விலக்கம் 6-இன் வர்க்கமான 36-ஐ 60-ஆல் வகுத்தால், 0.6. ஐந்து விடைகளும் தங்களுக்குள் வேறுபடும் மாறுபாடு 0.34. இரண்டாவதை 1 கூட்டல் ஐந்தில் ஒன்று, அதாவது 1.2-ஆல் பெருக்கி முதலாவதோடு கூட்டினால் 1.01. அதன் வர்க்கமூலம் 1.0. திட்டப் பிழை 1.0 மூட்டை. சராசரி நிரப்பியபோது கிடைத்த 0.54 எங்கே, இது எங்கே! முப்பது பேரை மட்டும் வைத்திருந்தபோது 1.1 இருந்தது. விதைத்த வாரம் மாதிரியான தகவல்கள் கொடுத்த உதவியால் கொஞ்சமே குறைந்திருக்கிறது. நேர்மையான முறை இவ்வளவுதான் கொடுக்கும்.

தலைமடை 32-ஐ ஒட்டியே நின்றதாக வைத்தால் மொத்தச் சராசரி 26.6, வித்தியாசம் 10.9.

இந்த முறை எங்கே வழுக்கும் என்றும் பார்த்துவிட வேண்டும். `table(d$sow_week, d$yield_na)` என்று ஒரு அட்டவணை போடுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு விதைத்தவர்கள் எல்லோருமே காலி என்றால், அவர்களுக்குப் பக்கத்து வயலே இல்லை. ஐந்து பேரைத் தேடும்போது இன்னும் முந்தி விதைத்தவர்களைத்தான் அது பிடித்துவரும், விளைச்சல் கூடுதலாகவே வரும். அதே இரண்டு மூன்று பேரின் எண்ணே திரும்பத் திரும்ப வந்திருக்கிறதா என்று `imp$imp$yield` போட்டுக் கண்ணால் பாருங்கள். அப்படி இருந்தால் அந்த வாரக்காரர்களைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுவதே சரி.

ஆறாம் படி: நம் யூகம் தப்பானால்?

குத்தகைக்காரர் மறைப்பது, முழுக்க அழிந்தவர் வெறுத்துப்போய்ப் பேசாமல் இருப்பது, இதையெல்லாம் எந்த மாதிரியும் பார்க்காது. ஆனால் அப்படி இருந்தால் விடை எவ்வளவு மாறும் என்று பார்க்கலாம்.

கடைமடையில் நிரப்பிய முப்பது எண்களிலும் 3 மூட்டை குறைத்துப் பாருங்கள். அறுபதில் பாதி என்பதால் கடைமடைச் சராசரி 1.5 குறைந்து 19.6 ஆகும். வித்தியாசம் 12.4. மறைக்கிறார்கள் என்று நினைத்து 3 மூட்டை கூட்டினால் 22.6, வித்தியாசம் 9.4. எந்தப் பக்கம் போனாலும் கடைமடை ஒன்பது மூட்டைக்கு மேல் பின்தங்கியே இருக்கிறது. ஆகவே “கடைமடை பின்தங்கியிருக்கிறது” என்று தைரியமாக எழுதலாம். “சரியாக 10.9 மூட்டை” என்று எழுதக்கூடாது. 3 என்ற எண்ணை நீங்களாகப் போடாதீர்கள், அந்த ஊர் விவசாயி ஒருவரிடம் கேளுங்கள். “பிந்துன வயல் எவ்வளவு குறையும்?” என்றால் அவர் ஒரு எண் சொல்வார்.

அறிக்கையில் எழுதுவது

நம் கோப்புக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: “120 பேரில் 36 பேரின் விளைச்சல் பதிவாகவில்லை, தலைமடையில் 6, கடைமடையில் 30. ஜனவரி கடைசியில் கணக்கெடுத்தபோது கடைமடையில் அறுவடை முடியாததே முக்கியக் காரணம் என்று களப்பணியாளர்கள் தெரிவித்தனர். பகுதி, விதைத்த வாரம், குத்தகை நிலை, நிலப்பரப்பு ஆகியவற்றைக் கொண்டு 20 முறை நிரப்பிக் கணக்கிட்டோம். கடைமடை விளைச்சல் தலைமடையைவிட ஏக்கருக்குச் சுமார் 11 மூட்டை குறைவு. நிரப்பிய மதிப்புகளில் 3 மூட்டை கூட்டியும் குறைத்தும் பார்த்ததில் இந்த வித்தியாசம் 9.4-க்கும் 12.4-க்கும் இடையில் இருந்தது. காலியான வரிகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் 10.”